கையில் மாவுக்கட்டு... தையல் மெஷின் நின்றால் வருமானமும் நிற்குமா?

ஆடி மாதத்தின் கடைசி வாரம். திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் என் சித்தி, பின்வாசலில் துணி காயப்போடப் போனவர், பாசி வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார். கையை ஊன்றி விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு விலகலைம்மா, ஆபரேஷன் வேண்டாம். மாவுக்கட்டு போட்டுடலாம். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது" என்று சொல்லி, மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஊருக்குப் போய்ப் பார்த்தபோது சித்தி அழுதுகொண்டிருந்தார். வலிக்காக இல்லை. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின். பக்கத்துப் பெஞ்சில் ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த ஜாக்கெட்டுகள் 23. "வலது கை நல்லாத்தானே இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கடி. ஊசிக்குக் கீழே துணியைப் பிடிச்சுத் தள்ளுறது இடது கைதான்னு யாருக்குத் தெரியுது?" என்றார்.

சித்திக்குச் செலவெல்லாம் போக மாதம் சுமார் 14,000 ரூபாய் மிஞ்சும். வாரத்துக்கு 3,500. ஆறு வாரம் என்றால் 21,000 ரூபாய். கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்கிப் பழைய வேகம் வரச் சில வாரங்கள் ஆகும் என்பது தனிக்கணக்கு. எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை எல்லாம் சேர்த்துச் சிகிச்சைக்கு ஆனது 3,400 ரூபாய்தான். பெரிய அடி மருத்துவச் செலவில் இல்லை, வராமல் போன வருமானத்தில்தான்.

இதே சித்தி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை பார்த்திருந்தால் கதை வேறு. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுக்கும் தொழிலாளிக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், சம்பளத்தில் 70 சதவிகிதம் வரை ஆண்டுக்கு 91 நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தருகிறது. வீட்டில் மெஷின் போட்டுத் தைப்பவருக்கு அப்படி எதுவும் தானாக வராது. அந்த இடத்தை அவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கே!"

சித்தியிடம் இன்ஷூரன்ஸ் இல்லாமல் இல்லை. இரும்பு பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று விஷயங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவது, குடும்பத்துக்கு எடுத்த 3 லட்சம் ரூபாய் ஹெல்த் பாலிசி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். சித்தியின் குடும்ப வருமானம் அந்த வரம்பைத் தாண்டுவதால் இந்தத் தனியார் பாலிசி. ஆனால் இப்படிப்பட்ட பாலிசிகள் பொதுவாக, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது அட்மிட் ஆனால்தான் பணம் தரும். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரிசெய்து அன்றே அனுப்பும் சிகிச்சை என்றால் 'டே கேர்' என்ற பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். சித்திக்கு வெறும் கட்டுதான். அது வெளிநோயாளி சிகிச்சை, அதற்குப் பணம் இல்லை. எப்படியும் இந்தப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான், வீட்டு மளிகைக்கு இல்லை.

இரண்டாவது, அதே பாலிசியோடு எடுத்த 'ஹாஸ்பிட்டல் கேஷ்'. ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். "வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் ஆயிரம் ரூபா வரும்னு சொல்லித்தானே எடுக்க வச்சாங்க?" என்றார் சித்தி. யார் அப்படிச் சொன்னாரோ, பாலிசியில் அப்படி எழுதவில்லை. படுக்கையில் அட்மிட் ஆகியிருக்கும் நாளுக்குத்தான் பணம். அதிலும் முதல் 24 மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. டெங்கு வந்து ஐந்து நாள் அட்மிட் ஆனால் 4,000 ரூபாய் கிடைக்கும். பில்லைக் காட்ட வேண்டாம், எந்தச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் நல்ல விஷயம். ஆனால் வீடு திரும்பிய பிறகு சோர்ந்து படுத்திருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்தில் திரும்பி வந்த சித்திக்கு இதிலும் பூஜ்யம்தான்.

மூன்றாவது, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா. விபத்தில் உயிரிழந்தாலோ, இரண்டு கண்களோ இரண்டு கைகளோ நிரந்தரமாகப் போனாலோ 2 லட்சம் ரூபாய். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ போனால் 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். 20 ரூபாய்க்கு இது நல்ல காப்பு, விடவே கூடாது. ஆனால் ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்புக்கு இதில் இடமில்லை.

மூன்றுமே உண்மையான, நல்ல பாலிசிகள்தான். ஒன்று ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கிறது, ஒன்று படுக்கை நாட்களைப் பார்க்கிறது, ஒன்று நிரந்தர ஊனத்தைப் பார்க்கிறது. குணமாகும் வரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆறு வாரத்தை எதுவும் பார்க்கவில்லை.

அந்த ஆறு வாரத்துக்கு ஒரு காப்பு

தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அதில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பகுதிக்கு 'டெம்ப்ரவரி டோட்டல் டிஸேபிள்மென்ட்' என்று பெயர். சுருக்கமாக டி.டி.டி. விபத்தால் தற்காலிகமாக வேலையே செய்ய முடியாமல் போனால், வாரக்கணக்கில் பணம் தரும். அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. விபத்தில் காயம்பட்டார், இன்ன தேதி வரை வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். காப்புத் தொகையில் ஒரு சதவிகிதமாக எழுதியிருப்பார்கள். 10 லட்சம் ரூபாய் பாலிசியில் வாரத்துக்கு 0.2 சதவிகிதம் என்றிருந்தால் 2,000 ரூபாய். ஆறு வாரத்துக்கு 12,000. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கணக்குப் பார்ப்போம்.

எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இது விபத்துக்கு மட்டும். டைபாய்டு, மஞ்சள்காமாலை என்று படுத்தால் பத்துப் பைசா வராது.

இரண்டு, 'டோட்டல்' என்ற சொல். "தன்னுடைய வழக்கமான தொழிலைச் செய்ய முடியாமல்" என்று எழுதியிருந்தால், தைக்க முடியாத சித்திக்குப் பணம் கிடைக்க வழியுண்டு. "எந்த வேலையும் செய்ய முடியாமல்" என்று எழுதியிருந்தால், ஒரு கையால் ஆர்டர் வாங்குவதையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். இந்த ஒரு வரியை வாங்குவதற்கு முன்பே காட்டச் சொல்லிப் படியுங்கள். கட்டோடு இருக்கும்போது சின்ன வேலை ஏதும் செய்தால், கிளைம் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

மூன்று, வருமானச் சான்று. வாரப் பணம் உங்கள் உண்மையான வருமானத்தைத் தாண்டக் கூடாது என்று சில பாலிசிகளில் இருக்கும். சம்பளச் சீட்டு இல்லாதவர் எதைக் காட்டுவது? வாடிக்கையாளர்கள் ஜி-பேயில் போடும் பணம் ஒரே வங்கிக் கணக்குக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பில் புத்தகம் போடுங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது நல்ல சான்று.

விழுந்த அன்றே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. டாக்டர் சீட்டில் "வலி" என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். எப்போது, எப்படி விழுந்தார், எந்தக் கை, எத்தனை வாரம் ஓய்வு என்பதெல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அந்த ஏ.ஆர். நகலை வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசியில் சொன்ன நாட்களுக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

சித்தியிடம் இந்தப் பாலிசி அப்போது இல்லை. அவரைக் காப்பாற்றியது பெஞ்சில் கிடந்த துணிகள்தான்.

நிறுத்தி வைக்கக் கூடிய வேலை எது?

அன்று சாயங்காலம் நானும் சித்தியும் 23 ஜாக்கெட்டுகளையும் மூன்று குவியலாகப் பிரித்தோம். எல்லாமே லைனிங் ஜாக்கெட், கூலி ஒன்றுக்கு 350 ரூபாய், அட்வான்ஸ் ஆளுக்கு 100 வாங்கியிருந்தார்.

முதல் குவியலில் 9. தைத்து முடித்தாயிற்று, கொக்கி கட்டுவதும் கை ஹெம்மிங்கும்தான் பாக்கி. எதிர்வீட்டு அக்கா ஒன்றுக்கு 40 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். 3,150 ரூபாய்க் கூலியில் 360 போக, சித்திக்கு 2,790.

இரண்டாவது குவியலில் 8. வெட்டியாயிற்று, தைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு தையல்காரர் இருக்கிறார். ஒன்றுக்கு 220 ரூபாய் என்று பேசிக் கொடுத்தோம். 2,800-இல் 1,760 போக, 1,040 நின்றது.

மூன்றாவது குவியலில் 6. துணியைத் தொடவே இல்லை. வீடு வீடாக போன் போட்டோம். இரண்டு பேருக்கு அடுத்த வாரமே கல்யாணம், துணியையும் அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மற்ற நான்கு பேரும், "தீபாவளிக்குக் கிடைச்சாப் போதும்க்கா, நீங்க கையைப் பாருங்க" என்றார்கள். அந்த நான்கும் அலமாரிக்குப் போய்விட்டன.

நிறுத்தி வைக்கக் கூடிய வேலை என்பது இதுதான். பாதியில் விட்டாலும் கெட்டுப்போகக் கூடாது. விட்ட இடத்திலிருந்து நீங்களோ இன்னொருவரோ எடுத்துத் தொடர முடிய வேண்டும். தேதி கழுத்தைப் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் தற்செயலாக அமையாது, முன்னாலேயே அப்படிச் செய்து வைக்க வேண்டும்.

எட்டு ஜாக்கெட்டுகளை இன்னொருவரால் தைக்க முடிந்ததற்குக் காரணம் சித்தியின் அளவு நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, ஷோல்டர், கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம் எழுதியிருக்கும். அளவு ஜாக்கெட்டும் துணியும் ஒரே பையில் இருக்கும். அப்படியும் இரண்டு பேரின் கழுத்து டிசைன் சித்தியின் மனதில் மட்டும்தான் இருந்தது. அந்த இரண்டையும் தைப்பதற்கு முன்னால் அந்தத் தையல்காரர் மூன்று முறை போன் செய்தார். இப்போது ஆர்டர் வாங்கும்போதே டிசைனை போனில் படம் எடுத்து, ஒரு துண்டுச் சீட்டில் 'வெட்டியாச்சு', 'தைச்சாச்சு', 'கொக்கி பாக்கி' என்று எழுதிப் பையில் குத்திவிடுகிறார்.

கூலி பேசியதிலும் ஒரு பாடம். விழுந்த பிறகு பேசியதால் 220-க்குக் குறையவில்லை. அவசரத்தில் இருப்பவர் பேரம் பேச முடியாது. இப்போது இருவரும் உட்கார்ந்து ஒரு விலை முடிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு முடியாமல் போனாலும் மற்றவர் 180 ரூபாய்க்குத் தைத்துத் தர வேண்டும். வாடிக்கையாளர் யாருடையவரோ அவரிடமே இருப்பார். இருவருக்கும் இது பொது என்பதால் இருவருக்கும் கசக்கவில்லை.

அட்வான்ஸ் விஷயத்திலும் மாற்றம். இரண்டு பேருக்குத் திருப்பித் தந்தது 200 ரூபாய்தான் என்றாலும், அந்த 200 மளிகைக்குப் போய்விட்டிருந்தது. இப்போது அட்வான்ஸ் ஒரு டப்பாவில் இருக்கிறது. ஜாக்கெட் கைமாறிய பிறகுதான் அது வருமானம்.

தேதி குறித்த கல்யாண ஆர்டர்களை ஒரே நேரத்தில் ஒரு வாரத்தில் தைத்து முடிக்கும் அளவுக்குத்தான் வாங்குகிறார். மீதி இடத்துக்கு அவசரமில்லாத வேலைகள். பழைய ஜாக்கெட் ஆல்டரேஷன், நைட்டி, தலையணை உறை மாதிரி. கூலி குறைவுதான். ஆனால் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

ஒரு கையால் வந்த காசு

கட்டோடு இருந்த ஆறு வாரமும் சித்தி கடையை மூடவில்லை. புடவைக்கு ஃபால்ஸ், பிகோ ஆர்டர்களை வாங்கினார். ஒரு புடவைக்கு 120 ரூபாய் வாங்கி, பிகோ மெஷின் வைத்திருப்பவருக்கு 80 கொடுத்தார். வாரத்துக்கு 12 புடவை வந்தது. கையில் நின்றது வாரம் 480, ஆறு வாரத்துக்கு 2,880 ரூபாய். "காசை விட, கடை மூடலைன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல. ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா அடுத்த கடைக்குப் பழகிடுவாங்க" என்பது சித்தியின் கணக்கு.

மொத்தமாகக் கூட்டிப் பார்ப்போம். பெஞ்சில் இருந்த துணிகளிலிருந்து 3,830. ஃபால்ஸ், பிகோவில் 2,880. ஆக 6,710 ரூபாய். வர வேண்டியிருந்த 21,000-க்கு 14,290 குறைந்தது. அந்தக் குறையை ஒரு ஜோடி கம்மலை அடகு வைத்துத்தான் சமாளித்தார்.

மேலே சொன்ன விபத்துக் காப்பு இருந்து, கிளைமும் கிடைத்திருந்தால் 12,000 வந்திருக்கும். அப்போது குறை 2,290 ரூபாய்தான். கம்மல் காதிலேயே இருந்திருக்கும். ஆனால் அந்தப் பணமும் விழுந்த வாரமே வராது. காகிதம் கொடுத்து, அவர்கள் சரிபார்த்து, பிறகுதான் வரும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கவும், விபத்தாக இல்லாமல் நோயாக வந்தால் சமாளிக்கவும் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும்.

அதற்குச் சித்தி இப்போது வங்கியில் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போடுகிறார். இரண்டு வருடத்தில் வட்டி நீங்கலாக 12,000 சேரும். அஞ்சலக ஆர்.டி. நல்லதுதானே என்று கேட்டார். நல்லதுதான், ஆனால் அது 5 வருடக் கணக்கு, 3 வருடத்துக்கு முன்னால் முடித்து எடுக்க முடியாது. விழுந்த அன்றைக்குக் கைக்கு வராத பணம் இந்த வேலைக்கு ஆகாது. நடுவில் உடைத்தால் கொஞ்சம் வட்டி குறையும் என்றாலும் வங்கி ஆர்.டி.தான் இதற்குப் பொருத்தம்.

உங்கள் வீட்டில் யாராவது சொந்தமாகத் தொழில் செய்தால், இன்றைக்கு பாலிசியை எடுத்து மூன்றே கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். அட்மிட் ஆகாமல் வீட்டில் இருந்தால் பணம் வருமா? விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் உண்டா? எந்த நாளிலிருந்து கணக்கு? பதில் புரியவில்லை என்றால் பாலிசியில் உள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஈமெயிலில் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அந்த எழுத்து சின்னதாக இருக்கும். போனில் கேட்பதை விட எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதே நல்லது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அலமாரியில் இருந்த நான்கு ஜாக்கெட்டுகளும் இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தன. சித்தியின் பீரோ கவரில் இப்போது நான்காவதாக ஒரு பாலிசி இருக்கிறது. அதில் "வழக்கமான தொழில்" என்ற வரியின் கீழே, துணியில் குறி போடும் சாக்பீஸால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறார். பின்வாசலில் பாசியைச் சுரண்டி பிளீச்சிங் பவுடரும் போட்டாயிற்று.